கரஸ் பி.ஏ., மூன்றாம் வகுப்பு

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். பின் தெருவில் இருக்கும் விசைப்படகுக்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். "அண்ணாச்சி, பிள்ளைக்கு ஒரு வேலைக்கு எழுதிப் போடணும். நீங்க ஒரு பார்வை பாத்துக் குடுங்க" என்றார். நான் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் உட்கார்ந்தவன். அடுத்தவர் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் தெருவில் யார் விண்ணப்பம் போட்டாலும் அது என் வாசலைத் தொட்டுவிட்டுத்தான் தபாலுக்குப் போகும்.

கவரைப் பிரித்தேன். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பக்க பயோடேட்டா. படிப்பு என்ற தலைப்பின் கீழே, "பி.காம்., 2014–2017, இரண்டாம் வகுப்பு, 51 சதவீதம்" என்று ஒரு வரி. கடைசியில், கையெழுத்துக்கு மேலே இன்னொரு வரி: "குடும்பச் சூழ்நிலை காரணமாக அஞ்சல் வழியில் மட்டுமே படிக்க முடிந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

"கரஸா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு "ஆமா தாத்தா" என்றாள். குரல் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். பயோடேட்டாவில் இருந்ததற்கும் இதற்கும் மூன்று இடத்தில் பொருந்தவில்லை. அதைச் சொல்லும் முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏனென்றால் அந்தப் பெண் குனிந்த மாதிரி நானும் இருபது வருடம் குனிந்திருக்கிறேன்.

நான் காரைக்காலில் பிறந்தவன். படித்ததெல்லாம் பிரெஞ்சு வழி. வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மட்டும் பிரெஞ்சு. பிரெவே முடித்தேன். இந்தப் பக்கம் எஸ்.எஸ்.எல்.சி. என்று சொல்வதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய படிப்பு அது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்தபோது, என் சான்றிதழைக் கையில் வாங்கியவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார். அன்று முதல் ஒரு பழக்கம் வந்தது. எங்கே எழுதினாலும் பிரெவே என்றே எழுதுவேன். பக்கத்தில் இன்னதற்கு இணையானது என்று குறிப்பேன். இணைச் சான்றின் நகலை அதோடு கோர்த்துவிடுவேன். எஸ்.எஸ்.எல்.சி. என்று மாற்றி எழுதியதே இல்லை. மாற்றி எழுதியிருந்தால் அடுத்த கேள்வி, "எங்கே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்?" என்பதாகத்தான் இருக்கும்.

பி.யு.சி. முடித்தது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்கிறேன். பி.ஏ. வரலாறு சேர்ந்தது 1975இல், மதுரைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிக் கல்வியில். இந்தியாவில் அஞ்சல் வழியில் பட்டப்படிப்பை முதலில் ஆரம்பித்தது டெல்லிப் பல்கலைக்கழகம், 1962இல். மதுரையில் 1971. அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம் இல்லை, திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. தெற்குப் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் மதுரையின் கீழ்தான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வர 1990 ஆயிற்று. பகலில் வேலை பார்ப்பவனுக்கு மதுரைத் தபால்தான் கல்லூரி. பழுப்பு உறையில் பாடம் வரும். அதைப் பிரித்து ராத்திரி படிப்பேன். மின்சாரம் போனால் அரிக்கேன்.

மூன்று வருடப் படிப்பு 1978இல் முடிந்திருக்கவேண்டும். 1980இல்தான் முடிந்தது. காரணம் இரண்டு தாள். ஒன்று ஐரோப்பிய வரலாறு. நெப்போலியன் எந்த நாளில் எந்த ஊரில் யாரை அடித்தான் என்று பிரெஞ்சில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதையே மூன்று மணி நேரத்தில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது பேனா நகரவில்லை. அது இரண்டாம் முறையில் போயிற்று. இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள்: தமிழ். முதல் முறை 28. அடுத்து 33. மூன்றாம் முறை 41. புணர்ச்சி விதியும் யாப்பும் நான் பள்ளியில் கண்ணால் பார்க்காதவை. வீட்டில் பேசிய தமிழை வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பகுதி மூன்றில், அதாவது வரலாற்றுத் தாள்களில், மொத்தம் 46 சதவீதம். மூன்றாம் வகுப்பு.

இதற்கிடையில் 1978இல் பல்கலைக்கழகத்தின் பெயர் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று மாறிவிட்டது. ஆகவே என் முதல் மார்க் ஷீட்டுகளில் ஒரு பெயர், பட்டத்தில் இன்னொரு பெயர். பார்ப்பவருக்கு இரண்டு பல்கலைக்கழகத்தில் படித்தவன் போலத் தோன்றும். பட்டச் சான்றில் உள்ள பெயரை எழுதி, முன்னாள் மதுரைப் பல்கலைக்கழகம் என்று பக்கத்தில் சேர்த்தேன். யாரும் பிறகு கேட்கவில்லை.

பட்டம் வந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மூன்றாம் வகுப்பு, அதுவும் கரஸ், அதிலும் தமிழில் அரியர். அலுவலகத்தில் ஆண்டுதோறும் பணியாளர் விவரப் பட்டியல் எடுப்பார்கள். கல்வித்தகுதி என்ற பத்தியில் பழையபடி பி.யு.சி. என்றே இரண்டு வருடம் எழுதிக் கொடுத்தேன். பட்டதாரிகளுக்கு மட்டும் திறந்திருந்த ஓர் இலாகாத் தேர்வு அந்த இரண்டு வருடத்தில் வந்து போயிற்று. என் பெயர் பட்டியலில் இல்லை. என்னோடு சேர்ந்த ஒருவர் அதை எழுதித் தேறி எனக்கு மேலே போனார். அவரும் கரஸ்தான், அவரும் மூன்றாம் வகுப்புதான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் சூப்பரின்டெண்டென்ட் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பி.ஏ. படிக்க அனுமதி கேட்டு 1975இல் கடிதம் கொடுத்திருக்கிறீரே, அந்தப் படிப்பு என்னாயிற்று?" என்றார். எங்கேயோ எதற்கோ ஃபைல் புரட்டும்போது கண்ணில் பட்டிருக்கிறது. முடித்துவிட்டேன் என்றேன். "அப்படியானால் ஒரிஜினலைக் கொண்டுவாரும், சர்வீஸ் புக்கில் ஏற்றவேண்டும்" என்றார். மதிப்பெண் குறைவு என்று முனகினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பத்தியில் பட்டம் என்று கேட்டிருக்கிறது, பரிசு வாங்கினீரா என்று கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார்.

அந்த 1975ஆம் வருடக் கடிதம்தான் என்னைக் காப்பாற்றியது என்று சொல்லவேண்டும். அரசு வேலையில் இருப்பவர் முன் அனுமதி வாங்காமல் படித்து முடித்துவிட்டு, பிறகு பதிவேட்டில் ஏற்றச் சொன்னால், பின்னேற்பு ஆணைக்காகக் காகிதம் மேலே போய்க் கீழே வர வருடக்கணக்காகும். அப்படி அலைந்த இருவரை எனக்குத் தெரியும். என் பதிவு ஒரே வாரத்தில் ஏறிற்று. "பி.ஏ. (வரலாறு), அஞ்சல் வழி, ஏப்ரல் 1980, மூன்றாம் வகுப்பு, அசல் பார்க்கப்பட்டது" என்று ஒரு வரி, கீழே கையொப்பம். அடுத்த தேர்வை எழுதினேன்.

ஆனாலும் கூச்சம் அதோடு போய்விடவில்லை. 1999இல் மூத்த மகள் கல்யாணம். பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவது நம் பக்கத்து வழக்கம். மைத்துனர் புரூஃபைப் பார்த்துவிட்டு, "கரஸ் பி.ஏ.வுக்கு எதுக்கு மச்சான் அச்சுக்கூலி?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பேனாவை எடுத்து அந்த இரண்டெழுத்தை அடித்துவிட்டேன்.

காரைக்காலில் என்னை யாரும் இப்படி வளர்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பிரெஞ்சுப் படிப்பில் மதிப்பெண் இருபதுக்கு. பக்கலோரெயா தேர்வில் பத்து எடுத்தால் தேர்ச்சி. பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் அதற்குப் பெயர் பஸாபிள். பன்னிரண்டுக்கு அஸே பியன், பதினாலுக்கு பியன், பதினாறுக்கு த்ரே பியன். பஸாபிள் என்றால் போகவிடலாம், தேவலை என்று பொருள். என் அண்ணன் பஸாபிள்தான். யார் கேட்டாலும் "பக்கலோரெயா, பஸாபிள்" என்று ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வான். அதை மறைக்கிற வழக்கமே அங்கே இல்லை, ஏனென்றால் தேறியவர்களில் நிறையப் பேர் அந்தப் படியில்தான் நின்றார்கள்.

சரி, அந்தப் பெண்ணிடம் வருகிறேன்.

அவள் 2014இல் சேர்ந்தாள். வருடமுறைத் தேர்வு, மேயிலும் டிசம்பரிலும். 2017 மேயோடு மூன்று வருடம் முடிந்தது. ஆனால் இரண்டு தாள் நின்றுவிட்டது. வருமான வரித் தாள் 2017 டிசம்பரில் போயிற்று. காஸ்ட் அக்கவுண்டிங் மட்டும் இழுத்து இழுத்து, 2018 டிசம்பரில் தேறியது. தொகுப்பு மதிப்பெண் சான்றில் ஒவ்வொரு தாளுக்கும் எதிரே தேறிய மாதமும் வருடமும் அச்சாகியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். பயோடேட்டாவில் 2014–2017 என்று போட்டால், சேர்ந்த வருடம் சரி, முடித்த வருடம் பொய்.

"ஏம்மா இப்படி எழுதின?" என்றேன்.

"நாலரை வருசம்னு எழுதுனா சிரிப்பாவ தாத்தா."

சிரிப்பார்களோ இல்லையோ, சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் சிரிக்கமாட்டார்கள். நான் பார்த்த ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரு பையன் வேலைக்குத் தேர்வாகி வந்தான். விண்ணப்பத்தில் ஏப்ரலில் பட்டம் முடித்ததாக எழுதியிருந்தான். அறிவிப்பில் தகுதிக்கான கடைசித் தேதி ஜூன். புரொவிஷனல் சான்றைப் பார்த்தால் நவம்பர். ஒரு தாள் நின்று, நவம்பரில் தேறியிருக்கிறான். அவனுக்கு எத்தனை அரியர் இருந்தது என்று யாருமே கேட்கவில்லை. தகுதித் தேதிக்குள் முடித்தானா என்பது ஒன்று, எழுதியதும் சான்றும் ஒத்துப்போகிறதா என்பது இன்னொன்று. இரண்டிலும் தவறினான். நவம்பர் என்றே எழுதி அடுத்த அறிவிப்புக்கு விண்ணப்பித்திருந்தால் ஆறு மாதம்தான் போயிருக்கும். அவன் தகப்பனார் வந்து வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அரியர் விஷயத்தில் பிள்ளைகள் இரண்டு சொற்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்டாண்டிங் அரியர் என்றால் இன்னும் தேறாமல் நிற்கும் தாள். ஹிஸ்டரி ஆஃப் அரியர் என்றால் ஒருகாலத்தில் நின்று பிறகு தேறியது. சில கம்பெனிகள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும். கேட்டால் கேட்ட இடத்தில் எண்ணிக்கையை எழுதவேண்டும். கேட்காத இடத்தில் எத்தனை முறை எழுதினேன் என்ற கணக்கைத் தானாகக் கொண்டுபோய் வைக்கவேண்டியதில்லை. தேறிய மாதமும் வருடமும் போதும். அதில் எல்லாம் இருக்கிறது.

இரண்டாவது பொருந்தாத இடம் இரண்டாம் வகுப்பு என்றது. இதில் அந்தப் பெண் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அவள் கணக்கு இப்படி: தமிழ் இரண்டு தாள், ஆங்கிலம் இரண்டு தாள், வணிகவியல் பதினைந்து தாள், ஆக பத்தொன்பது தாளுக்கு 1900. அதில் அவள் வாங்கியது 970. வகுத்தால் 51.05. ஐம்பதுக்கு மேல் என்றால் இரண்டாம் வகுப்புதானே என்று எழுதிவிட்டாள். ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் பட்டத்தின் வகுப்பைப் பகுதி மூன்றை மட்டும் வைத்துத்தான் போடுவது வழக்கம். மொழித்தாள்களுக்கு வகுப்புத் தனி. வணிகவியல் பதினைந்து தாளில் அவள் எடுத்தது 738. வகுத்தால் 49.2. பட்டச் சான்றில் மூன்றாம் வகுப்பு என்று தெளிவாக இருக்கிறது. மொழித்தாள்கள் அவளைத் தூக்கிவிட்டன. எனக்கு நேர்மாறு, என்னை மொழித்தாள்தான் அழுத்தியது.

இங்கேதான் சிக்கல். அவள் போடப்போகும் வேலைக்கு, ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் ஆவணப் பிரிவு, பட்டத்தில் குறைந்தது 50 சதவீதம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. எந்த ஐம்பது? வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். இதைத் தன் அறிவிப்பிலேயே எழுதிவிடுகிறது: எல்லா வருடங்களிலும் எல்லாப் பாடங்களிலும் வாங்கிய மொத்தத்தை, மொத்த மதிப்பெண்ணால் வகுக்கவேண்டும். பகுதி மூன்று என்று தனியாகக் கிடையாது. பின்னத்தை மேலே தூக்கவும் கூடாது, 59.99 என்றால் அது அறுபதுக்குக் கீழேதான். அந்த முறையில் இவளுக்கு 51.05, தகுதி உண்டு. ஆனால் ஏஜென்சிக்காரர்கள் முறையைச் சொல்லவில்லை. பிடித்த எண்ணை மட்டும் எழுதலாமா என்று அவள் கேட்டாள். அப்பாவும் ஆவலாகப் பார்த்தார். இரண்டையும் எழுது, எது எதன் கணக்கு என்று பெயரோடு எழுது என்றேன். ஐம்பதைத் தாண்டுகிற எண் அவளுக்கு நியாயமாகச் சேர்வது, அதை விடவேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பு என்பது சான்றில் அச்சானது, அதை மாற்ற அவளுக்கு அதிகாரம் இல்லை.

மூன்றாவது, அந்தப் பணிவு வரி. மேலே இரண்டாம் வகுப்பு என்று கூட்டி எழுதிவிட்டுக் கீழே மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். இரண்டும் ஒரே கூச்சத்திலிருந்து வந்ததுதான், எனக்குத் தெரியாதா? அந்த வரியை அடித்தேன். தொலைநிலைக் கல்வி என்று பட்டத்தின் பக்கத்திலேயே ஒரு முறை எழுதினால் போதும். "மட்டுமே" என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. யு.ஜி.சி.யின் 2020ஆம் ஆண்டு விதிகளில் 22ஆவது விதி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் வாங்கிய பட்டம் நேர்வழிப் பட்டத்துக்குச் சமம் என்கிறது. 2022 செப்டம்பரில் அதை மறுபடியும் அறிவிப்பாக வெளியிட்டார்கள். இதில் கவனிக்கவேண்டியது அங்கீகாரம் என்ற சொல். அது வருடத்துக்கு வருடம், பாடத்துக்குப் பாடம் கொடுக்கப்படுவது. இன்றைய பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. அவள் சேர்ந்த 2014–15இல், பி.காம். பாடத்துக்கு அங்கீகாரம் இருந்ததா என்று பார்க்கவேண்டும். யு.ஜி.சி. தளத்தில் வருடவாரியாகப் பட்டியல் இருக்கிறது. பேரன் எடுத்துக் கொடுத்தான். இருந்தது. அச்செடுத்து கவரில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்த இடத்தில், பிள்ளைகள் வேறு மாதிரிப் படித்திருக்கும் வீட்டாருக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒருகாலத்தில் திறந்தவெளிப் பல்கலைக்கழக முறை என்று, பிளஸ் டூ இல்லாமலே, வயதை மட்டும் பார்த்துப் பட்டப்படிப்பில் சேர்த்தார்கள். பட்டமே இல்லாமல் எம்.ஏ. சேர்ந்தவர்களும் உண்டு. அப்படி வாங்கிய எம்.ஏ.வை வைத்துச் சென்னைத் திரைப்படக் கல்லூரி முதல்வர் பதவிக்கு ஒருவர் உரிமை கேட்ட வழக்கில், 2009இல் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் தமிழக அரசும் ஆணை போட்டது: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்தால்தான் அரசு வேலைக்குத் தகுதி. இதற்கும் கரஸுக்கும் சம்பந்தமில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கரஸில் படித்தவருக்கு இந்த ஆணையால் ஒன்றும் ஆகாது. வரிசை மாறிப் படித்தவர் தனியார் வேலைக்கு அந்தப் பட்டத்தைத் தாராளமாக எழுதலாம், அது அவர் உழைத்து வாங்கியதுதான். அரசு வேலைக்கு எழுதினால் அது நிற்காது என்று தெரிந்துகொண்டு எழுதவேண்டும்.

இவளுக்கு வரிசையில் குறையில்லை. ஆக, படிப்பு வரியை இப்படி மாற்றினோம்:

"பி.காம். (தொலைநிலைக் கல்வி), டிசம்பர் 2018. மூன்றாம் வகுப்பு. எல்லாப் பாடங்களும் சேர்த்து 970/1900 (51.05 சதவீதம்), பகுதி 3 மட்டும் 738/1500 (49.2 சதவீதம்). நிலுவைத் தாள் இல்லை."

பல்கலைக்கழகத்தின் பெயரும் அதில் உண்டு, இங்கே நான் எழுதவில்லை. சேர்ந்த வருடத்தைப் போடவில்லை, விளம்பரத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 2014 என்று போட்டிருப்போம்.

அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. "இத்தனை வருசம் பகல்ல என்னம்மா செஞ்ச?" என்று கேட்டேன். 2013 முதல் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலையாம். இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, திருத்தம் வந்தால் கஸ்டம்ஸுக்கு நடப்பது. போடப்போகும் வேலையும் இதேதான்! இதைப் பயோடேட்டாவில் எங்கே வைத்திருந்தாள் என்றால், பொழுதுபோக்குக்கு மேலே, "சிறிது அனுபவம் உண்டு" என்று. சிறிதாம். அதைத் தூக்கி மேலே வைத்தோம். "2013 முதல் இன்றுவரை" என்று வருடத்தோடு எழுதி, அதன் கீழே படிப்பு வரி. வேலையின் வருடங்களும் பட்டத்தின் வருடமும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. வேலை பார்த்துக்கொண்டே படித்தவள் என்று தனியாக ஒரு வாக்கியம் எழுதவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பு என்று எழுதியது அவருக்கு உறுத்தல்தான். "எங்க அப்பா கடைசி முத்துக்குளிப்புக்குப் போனவரு அண்ணாச்சி, அறுபத்தொண்ணுல" என்று ஆரம்பித்தார். சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்களாம். எடுத்த வியாபாரி முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுச் சலிப்பானாம். பெரிய கண் சல்லடையில் நிற்பதற்கு ஒரு பெயர், ஒரு விலை. கடைசியில் விழுகிற தூளுக்கும் ஒரு பெயர், ஒரு விலை. "தூளைக் கொண்டுபோயி ஆணிமுத்துன்னு சொன்னாத்தான் அடி விழும்" என்று அவரே சொல்லிவிட்டுச் சிரித்தார். மகள் முகத்தைப் பார்த்து, "ஒன்னையச் சொல்லல பிள்ள" என்றார். அவளும் சிரித்துவிட்டாள்.

அந்த ஏஜென்சி அவளைக் கூப்பிடவில்லை. 49.2 கண்ணில் பட்டதோ, வேறு காரணமோ, நமக்குத் தெரியாது. அந்தப் பெண் இரண்டு நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. இரண்டு எண்ணையும் எழுத வைத்தது நான்தானே என்று எனக்கும் மனசு கேட்கவில்லை. அதே தாளை இன்னொரு இடத்துக்குப் போட்டாள். அங்கே கூப்பிட்டார்கள். நேர்முகத்தில் சான்றிதழைப் புரட்டியவர், "டிசம்பர் 2018இல் எந்தத் தாள்?" என்று கேட்டாராம். "காஸ்ட் அக்கவுண்டிங் சார், மூணாவது தடவை" என்று சொல்லியிருக்கிறாள். அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டு, ஷிப்பிங் பில்லில் எடை தவறாகப் பதிவாகிவிட்டால், சரக்கு உள்ளே போன பிறகு எப்படித் திருத்துவது என்று கேட்டாராம். அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். தை பிறந்ததும் வேலையில் சேர்ந்தாள். அவள் அப்பா ஒரு பை நிறைய ஊளி மீன் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் பேத்தி கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் வந்தது. என் பெயருக்குப் பின்னால் பட்டம் போடச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சகத்துப் பையன் என் நரையைப் பார்த்து மரியாதை செய்தானோ என்னவோ, எம்.ஏ. என்று போட்டு அனுப்பியிருந்தான். சிவப்பு மையில் அடித்து, பி.ஏ. என்று திருத்தித் திருப்பி அனுப்பினேன்.